நூறு கிராம் பெட்டியும் மலையகத் தேயிலையும்



இன்றைய உரையின் பொருள் பொதியிடல். ஒரு பண்டத்தைக் கெடாமல் காத்து, அளந்து அடைத்து, அதன்மேல் சொல்ல வேண்டியவற்றை எழுதி, வாங்குபவரின் கையில் கொண்டு சேர்க்கும் முழு ஏற்பாட்டுக்கும் அந்தப் பெயர் உரியது. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒருவர் சொந்தப் பெயரில் நூறு கிராம் தேயிலைப் பெட்டி ஒன்றை விற்க நினைத்தால், அந்தப் பெட்டி கடையில் எப்படிக் கண்ணில் படும், அதன்மேல் எவை கட்டாயம் எழுதப்பட வேண்டும், அதற்கு என்ன செலவாகும் என்ற மூன்று கேள்விகளும் ஒரே நேரத்தில் எழும். இவை மூன்றும் தனித்தனிக் கேள்விகள் போலத் தோன்றினாலும் ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் மாறிவிடும் என்பதே இவ்வுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

மலையகத் தேயிலையின் பெரும்பகுதி இன்றும் பெட்டி என்ற ஒன்றைப் பார்க்காமலே மலையை விட்டு இறங்குகிறது. தொழிற்சாலையில் வாட்டி, உருட்டி, நொதிக்க வைத்து, உலர்த்தி, சலித்துத் தரம் பிரித்த தூள், பல அடுக்குக் காகிதச் சாக்குகளில் நிரப்பப்பட்டு, தோட்டத்தின் விற்பனைப் பெயரும் தரமும் நிறையும் மட்டும் குறிக்கப்பட்டு, 1883ஆம் ஆண்டு தொடங்கிய கொழும்பு ஏல விற்பனைக்குச் செல்கிறது. முன்னர் இந்தச் சாக்கின் இடத்தில் உலோகத்தாள் உள்ளே விரித்த பலகைப் பெட்டி இருந்தது. அதிலும் அச்சுத்தகட்டால் பூசிய அதே சில சொற்கள்தாம் இருந்தன. ஏலத்தில் வாங்குபவர் தூளைச் சுவைத்துப் பார்த்து வாங்கும் நிபுணர். அவருக்குச் சாக்கின் அழகு தேவையில்லை. கடைக்கு வரும் குடும்பத் தலைவியோ சுவைத்துப் பார்த்து வாங்க முடியாது. அவர் முன்னால் நிற்பது பெட்டி மட்டுமே. ஆகவே, சுவைஞரின் நாவு செய்த வேலையைக் கடையில் பெட்டியின் முகம் செய்ய வேண்டியிருக்கிறது.

இந்த வேறுபாட்டை முதலில் பயன்படுத்தியவர்கள் யார்? இங்கிலாந்தில் தேயிலை பெட்டகத்திலிருந்து அள்ளி நிறுத்து விற்கப்பட்ட காலத்தில், வேறு இலைகளும் சாயங்களும் அதில் கலக்கப்பட்ட காலத்தில், ஜோன் ஹோர்னிமன் 1826இல் நிறை குறித்து மூடி ஒட்டிய பொட்டலங்களில் தேயிலையை விற்கத் தொடங்கினார். மூடியிருந்ததே அவருடைய விளம்பரம். கலப்படம் இல்லை என்பதற்கு அந்த மூடியே சாட்சி. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1890இல் இலங்கைக்கு வந்து ஹப்புத்தளைப் பக்கத்துத் தம்பேதன்னை உள்ளிட்ட தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், ஒரு றாத்தல், அரை றாத்தல், கால் றாத்தல் எனப் பொட்டலங்களாகப் பிரித்து, நிறையை வெளியே அச்சிட்டு, தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு வருவது என்ற பொருளில் விளம்பரம் செய்தார். கால் றாத்தல் என்ற அளவைக் கவனிக்க வேண்டும். வாரக் கூலி வாங்கும் தொழிலாளியின் கையில் உள்ள காசுக்கு ஏற்ற அளவு அது. அளவைத் தேர்ந்தெடுப்பதும் வடிவமைப்பின் ஒரு பகுதியே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இனி அந்த நூறு கிராம் பெட்டிக்கு வருவது பொருத்தம். பெட்டி செய்யப் புறப்படுபவர் முதலில் செய்ய வேண்டியது படம் வரைவதன்று, தூளை அளப்பது. பி.ஓ.பி. என்று வழங்கும் உடைத்த இலைத் தூள் நெருக்கமாகப் படியும், ஓ.பி. என்று வழங்கும் நீண்ட முறுக்கிலை அதே நூறு கிராமுக்கு மிகுதியான இடத்தை எடுத்துக்கொள்ளும். எனவே ஒரு தரத்துக்குச் செய்த பெட்டி இன்னொரு தரத்துக்கு ஒத்துவராது. நூறு கிராமைத் தராசில் நிறுத்து, அளவுக் குவளையில் கொட்டி, குவளையை மேசையில் பலமுறை தட்டி, தூள் படிந்த பிறகு எத்தனை மில்லிலீற்றரில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். தட்டிப் பார்ப்பது ஏன்? ஹட்டனிலிருந்து கொழும்புக்கு வளைந்து வளைந்து இறங்கும் லொறியில் பெட்டிக்குள் இருக்கும் தூளும் அப்படித்தான் தட்டுப்பட்டுப் படியும். நிரப்பும்போது விளிம்புவரை இருந்த தூள் கடையில் திறக்கும்போது பாதிக்குச் சற்று மேலே நின்றால், நிறை சரியாக இருந்தாலும் வாங்கியவர் ஏமாற்றப்பட்டதாகவே எண்ணுவார்.

குவளையில் தூள் 300 மில்லிலீற்றரில் நின்றதாக வைத்துக்கொண்டால், உள்பையின் மடிப்புக்கும் சேர்த்துச் சுமார் 345 மில்லிலீற்றர் கொள்ளும் பெட்டி தேவைப்படும். அகலம் 7, ஆழம் 4.5, உயரம் 11 சென்ரிமீற்றர் என்ற பெட்டி இதற்குப் போதும். இதன் முன்முகம் 77 சதுர சென்ரிமீற்றர். ஏறத்தாழ அதே கொள்ளளவை அகலம் 9.5, ஆழம் 3, உயரம் 12 என்றும் அமைக்கலாம். அப்போது முன்முகம் 114 சதுர சென்ரிமீற்றராகி, முன்னதைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகத் தெரியும். உள்ளே இருக்கும் தூள் அதேதான். இறாக்கையில் தெரியும் முகமோ பெரிதாகிவிட்டது.

அப்படியானால் எல்லோரும் தட்டையான அகலப் பெட்டியையே செய்யலாமே என்ற கேள்வி எழும். மடிப்புகளை விட்டுவிட்டு ஆறு பக்கங்களையும் கூட்டினால் முதற்பெட்டிக்கு 316 சதுர சென்ரிமீற்றர் அட்டை வேண்டும், இரண்டாவதற்கு 357 வேண்டும். அதாவது ஒவ்வொரு பெட்டிக்கும் எட்டில் ஒரு பங்கு அட்டை மிகுதி. மூன்று சென்ரிமீற்றர் ஆழமுள்ள பெட்டி, பக்கத்துப் பெட்டியை யாரேனும் இழுக்கும்போது சாய்ந்து விழும். மேலும், 57 சென்ரிமீற்றர் இடத்தில் முதற்பெட்டியை எட்டு நிறுத்தலாம், இரண்டாவதை ஆறுதான் நிறுத்தலாம். இறாக்கை இடத்தைக் கணக்குப் பார்க்கும் கடைக்காரர் இதை உடனே கவனிப்பார். இவ்வாறு கண்ணில் படுதல் என்ற கேள்வி, பேசத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே செலவு என்ற கேள்வியாக மாறிவிட்டதை அவையோர் காணலாம்.

பெட்டியின் முகம் எவ்வளவு தூரத்திலிருந்து வாசிக்கப்படுகிறது? தலவாக்கலையைக் கடந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியிலுள்ள தேயிலை விற்பனை நிலையங்களில் பயணிகள் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். ஹட்டன் நகரத்துச் சில்லறைக் கடையிலோ வாங்குபவர் மேசைக்கு இப்பால் நிற்கிறார், பெட்டி கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால் இரண்டு மூன்று மீற்றருக்கு அப்பால் இருக்கிறது, அதன் மேற்பகுதியை மேற்தட்டின் நிழல் மறைக்கிறது, கீழ்ப்பகுதியை விலை ஒட்டும் பட்டி மறைக்கிறது. ஆகவே பெயரை உச்சியிலோ அடியிலோ வைத்தவரின் பெட்டி, அச்சகத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும், கடையில் பெயரில்லாத பெட்டியாகவே நிற்கும். முகத்தின் நடுப்பகுதியே பெயருக்கு உரிய இடம்.

எழுத்தின் அளவுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: பார்க்கும் தூரத்தின் இருநூறில் ஒரு பங்கு உயரம் இருந்தால் எழுத்து எளிதாக வாசிக்கப்படும். மூன்று மீற்றருக்கு அது 15 மில்லிமீற்றர். தமிழ் எழுத்து உயரத்தைவிடப் பக்கவாட்டில் விரியும் இயல்புடையது. 15 மில்லிமீற்றர் உயரமுள்ள எழுத்துகளில் ஏழு சென்ரிமீற்றர் முகத்தில் நான்கைந்துக்கு மேல் ஒரு வரியில் அடங்கா. எனவே நீண்ட பெயரைத் தேர்ந்தெடுத்தவர் எழுத்தைச் சுருக்க வேண்டும் அல்லது பெட்டியை அகலமாக்க வேண்டும். எழுத்தைச் சுருக்கினால் கடையில் பெயர் போய்விடும், பெட்டியை அகலமாக்கினால் அட்டைச் செலவு ஏறும். பெட்டிக்குப் பெயர் வைக்கும் நாளிலேயே இந்தக் கணக்கையும் போட்டுப் பார்ப்பது நல்லது.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். தேயிலை என்றதும் பச்சை மலையும் சிவந்த சாயமும் நினைவுக்கு வருவது இயல்பு. அதனாலேயே இறாக்கையில் பச்சையும் சிவப்பும் நிறைந்திருக்கின்றன. அங்கே இன்னுமொரு பச்சைப் பெட்டியை வைத்தால் அது பக்கத்துப் பெட்டியோடு சேர்ந்து கரைந்துவிடும். மாதிரிப் பெட்டியை மற்ற நிறுவனங்களின் பெட்டிகளுக்கு நடுவே நிறுத்தி, கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பது எளிய சோதனை. அந்தப் படத்திலும் பெட்டி தனித்து நின்றால் வெளிச்சமும் இருளும் சரியாகப் பிரிந்திருக்கின்றன என்று பொருள். சாம்பல் நிறத்தில் சாம்பலாகக் கலந்துவிட்டால், மங்கிய மின்குமிழ் எரியும் கடையிலும் அதுவே நடக்கும்.

பெட்டி கையில் வந்த பிறகு வேறொரு வாசிப்புத் தொடங்குகிறது. அது சட்டமும் சேர்ந்து எழுதிய பகுதி. இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் அதன் கீழ் வந்த சுட்டுத்துண்டு விதிகளும் இதை ஆளுகின்றன. சுட்டுத்துண்டு என்பது பொதியின் மேல் எழுதியோ ஒட்டியோ இருக்கும் விவரம் அனைத்தையும் குறிக்கும். பண்டத்தின் பொதுப்பெயர், தேறிய நிறை, அதாவது பெட்டியின் நிறை நீங்கலான தூளின் நிறை, பொதி செய்தவரின் பெயரும் முகவரியும், தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, வாசனையோ வேறு பொருளோ சேர்த்திருந்தால் அவற்றின் பட்டியல், ஆகக்கூடிய சில்லறை விலை ஆகியவை இதில் அடங்கும். விதிகள் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால், அச்சுக்குக் கொடுக்குமுன் நடப்பிலுள்ள விதிகளைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு உறுதி செய்துகொள்வது, அச்சிட்ட பெட்டிகளை வீசுவதைவிட மலிவானது.

இவற்றுள் தொகுதி இலக்கமும் திகதிகளும் அதிகம் தொல்லை தருபவை. அவை ஒவ்வொரு முறையும் மாறுவதால் பெட்டியோடு சேர்த்து அச்சிட முடியாது, பிறகு மையால் பதிக்க வேண்டும். பளபளப்புப் பூச்சுள்ள பரப்பில் அந்த மை காயாமல் விரல் பட்டதும் அழியும். அழிந்த திகதி இல்லாத திகதிக்குச் சமம். ஆகவே வரைபடத்திலேயே ஒரு மூலையில் பூச்சும் நிறமும் இல்லாத வெற்றுச் சதுரம் ஒன்றை விட வேண்டும். பார்கோட் எனப்படும் பட்டைக் குறியீட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இலங்கையில் பதிவு செய்த பதின்மூன்று இலக்கக் குறியீடு 479 என்று தொடங்குகிறது. அதை வாசிக்கும் கருவிகள் பெரும்பாலும் சிவப்பு ஒளியைப் பாய்ச்சுவதால், வெள்ளைத் தளத்தில் சிவப்புக் கோடுகளாக அச்சிட்டால் கருவிக்கு வெள்ளைத் தாள் மட்டுமே தெரியும். பெட்டியின் சிவப்போடு ஒத்துப்போக வேண்டும் என்று கோடுகளையும் சிவப்பாக்கிய பெட்டி, காசாளரின் மேசையில் திரும்பத் திரும்ப உயர்த்திக் காட்டப்பட்டு, கடைசியில் இலக்கங்களைக் கையால் தட்டித்தான் விற்கப்படும்.

தேயிலைக்கே உரிய அடையாளங்கள் சிலவும் உண்டு. வாளேந்திய சிங்கம் பொறித்த இலச்சினை இலங்கைத் தேயிலைச் சபைக்கு உரியது. முழுக்க முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டு, சபையின் தர நிபந்தனைகளை நிறைவு செய்து, அதன் அனுமதியும் பெற்றிருந்தால் மட்டுமே அதை அச்சிடலாம். வேறு நாட்டுத் தேயிலை ஒரு பிடி கலந்தாலும் சிங்கத்துக்கு அங்கே இடமில்லை. நுவரெலியா, திம்புள, ஊவா, உடபுசல்லாவ, கண்டி, சப்ரகமுவ, ருகுணு என்ற ஏழு பிரதேசங்களுக்கும் தனித்தனிக் குறிகள் உள்ளன. ஹட்டனைச் சுற்றியுள்ள தேயிலை திம்புளப் பிரதேசத்தைச் சேர்ந்தது. நுவரெலியா என்ற பெயருக்குப் பயணிகளிடம் மதிப்பு மிகுதி என்பதற்காக டிக்கோயாத் தூளின் மேல் அந்தப் பெயரை இடுவது தவறு, தேவையற்றதுங்கூட. நுவரெலியாத் தேநீர் வெளிறிய பொன்னிறமும் மெல்லிய மணமும் உடையது. திம்புளத் தேநீரில் சாயமும் காரமும் கூடும். ஒன்றை எதிர்பார்த்து மற்றொன்றைக் குடித்தவர் அடுத்த முறை அந்தப் பெட்டியைத் தொட மாட்டார்.

மொழியைப் பற்றி இங்கே சற்று நின்று பேசுவது கடமை. மலையகத் தேயிலைப் பெட்டிகளில் கூடை சுமந்து கொழுந்து எடுக்கும் பெண்ணின் படம் மிக வழக்கமானது. அந்தப் பெண்ணின் மொழி அந்தப் பெட்டியில் எப்படி இருக்கிறது? வடிவமைப்பவருக்குத் தமிழ் தெரியாமல், கணினியில் எழுத்துரு பொருந்தாமல், 'தேயிலை' என்ற சொல்லில் தகரத்துக்கு முன் நிற்க வேண்டிய கொம்பு அதற்குப் பின்னால் போய் நிற்பதுண்டு. கரும்பச்சைத் தளத்தில் வெள்ளையாகச் சிறிய எழுத்து அச்சிடும்போது, சுற்றியுள்ள மை உள்ளே பரவி மெய்யெழுத்தின் புள்ளி அடைபட்டுவிடும். 'தேநீர்' என்பது 'தேநீர' என்று நிற்கும். ஆங்கில எழுத்துக்குப் போதுமான அளவு தமிழுக்குப் போதாது என்பதை அச்சகம் தானாகச் சொல்லாது. தமிழ் வரிகளை வெளிர்தளத்தில் கறுப்பாக, ஆங்கிலத்தைவிட ஓரிரு அளவு பெரிதாக வைத்து, தமிழ் வாசிக்கும் ஒருவர் மாதிரிப் படியைப் பார்த்துக் கையெழுத்திட்ட பின்பே அச்சுக்கு அனுப்ப வேண்டும். கொழுந்து எடுத்தவரின் முகத்தை முன்பக்கத்தில் போட்டுவிட்டு அவரது மொழியைச் சிதைத்துப் பின்பக்கத்தில் போடுவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

அடுத்து, செலவு. முதலில் உள்பையைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் வெளிப்பெட்டி தூளைக் காப்பாற்றாது. சுமார் மூன்று வீத ஈரப்பதத்தில் உலர்ந்து வரும் தூள், மூடுபனி சூழ்ந்த காற்றிலிருந்து ஈரத்தையும், பக்கத்தில் இருக்கும் சவர்க்காரம், கருவாடு ஆகியவற்றின் மணத்தையும் இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. அட்டை இதைத் தடுக்காது. அலுமினியத் தாளும் உள்ளே சூட்டில் ஒட்டும் பொலித்தீனும் சேர்த்து ஒட்டிய பை தடுக்கும். பையை ஒட்டும் இடத்தில் பொடித்தூள் சிக்கினால், கண்ணுக்குத் தெரியாத துளை விழும். மூடிய பையைத் தண்ணீரில் அமிழ்த்தி மெல்ல அழுத்தினால் குமிழி வருகிறதா என்று பார்த்து இதைக் கண்டுபிடிக்கலாம். பணம் குறைவாக இருப்பவர் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இந்தப் பைதான். பொன்முலாம் பூசிய எழுத்தையும், தூளை வெளிச்சத்தில் காட்டி மணத்தைப் போக்கும் கண்ணாடிச் சாளரத்தையும் தாராளமாக விட்டுவிடலாம்.

வெளிமுகத்தின் செலவு இருவகைப்படும். படம் வரைதல், அச்சுத்தகடு, அட்டையை வெட்டும் கத்தி அச்சு ஆகியவை ஒரே ஒரு முறை வரும் செலவு. அட்டை, மை, மடித்தல் ஆகியவை ஒவ்வொரு பெட்டிக்கும் வரும் செலவு. விளங்கிக்கொள்வதற்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்ளலாம். அச்சிட்ட பெட்டிக்கு ஒருமுறைச் செலவு 60,000 ரூபா, பெட்டிக்குப் பெட்டி 18 ரூபா என்றும், அச்சில்லாத ஆயத்தப் பையில் ஸ்டிக்கர் ஒட்டினால் ஒருமுறைச் செலவு 6,000 ரூபா, பைக்குப் பை 34 ரூபா என்றும் கொள்வோம். ஆயிரம் பெட்டி செய்தால் அச்சிட்டது ஒன்று 78 ரூபாவாகிறது, ஸ்டிக்கர் ஒட்டியது 40 ரூபாதான். ஐயாயிரம் செய்தால் அச்சிட்டது 30 ரூபாவுக்கு இறங்குகிறது, ஸ்டிக்கரோ 35 ரூபா 20 சதத்தில் நிற்கிறது. இரண்டும் சமமாகும் எண்ணிக்கை எது? ஒருமுறைச் செலவுகளின் வேறுபாடு 54,000, ஒவ்வொன்றின் வேறுபாடு 16, வகுத்தால் 3,375. அதற்குக் கீழே விற்பவர் ஸ்டிக்கரோடு இருப்பது நல்லது, மேலே விற்பவர் அச்சுக்குப் போகலாம். உண்மையான எண்கள் அச்சகத்துக்கு அச்சகம் மாறும், ஆனால் வகுக்கும் முறை மாறாது.

இந்தக் கணக்கில் பலர் தவறுவது ஓரிடத்தில்தான். ஒன்றின் விலை குறைகிறது என்று இருபதாயிரம் பெட்டிகளை அச்சிட்டு வைத்து, ஓராண்டில் நாலாயிரம் மட்டும் விற்று, அதற்குள் முகவரியோ விலையோ விதியோ மாறிவிட, மிச்சத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டத் தொடங்குகிறார்கள். மலிவாக அச்சிட்ட பெட்டி அங்கே எல்லாவற்றையும்விட விலை கூடிய பெட்டியாகிவிடுகிறது. எத்தனை விற்கும் என்று தெரியாத முதலாண்டில், தெளிவான பெயரும் கட்டாய விவரங்களும் சரியாக அமைந்த ஒரு ஸ்டிக்கரும், ஈரம் புகாத நல்ல பையும் போதும்.

இங்கே வந்திருக்கும் இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அச்சகத்துக்கு முற்பணம் கட்டுமுன், வெள்ளை அட்டையில் மாதிரிப் பெட்டி ஒன்றை வெட்டி ஒட்டி, நூறு கிராம் தூளை நிரப்பி, தெரிந்த கடைக்காரர் ஒருவரின் அனுமதியோடு அவருடைய இறாக்கையில் மற்றப் பெட்டிகளுக்கு நடுவே வையுங்கள். கடை மேசைக்கு இப்பால் மூன்று மீற்றர் தள்ளி நின்று, தமிழ் வாசிக்கும் வயது முதிர்ந்த ஒருவரை அழைத்து, அந்தப் பெட்டியின் பெயரையும் நிறையையும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவரால் வாசிக்க முடிந்த பிறகு அச்சிடுங்கள்.